இளகிய களிமண்ணில் ராஃப்ட்: வீட்டை இறக்குவது எந்த எடை?

"பள்ளிக்கரணைப் பக்கம் 40×60 அடி மனையில் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டப் போகிறோம். மண் பரிசோதனையில் மேலே ஒன்றரை மீட்டர் கெட்டியான களிமண், அதன் கீழே 6 மீட்டர் ஆழம் வரை இளகிய களிமண், அப்புறம் மணல். எஸ்.பி.சி. 5 டன் என்று கொடுத்திருக்கிறார்கள். வெள்ளத்துக்காக மனையை ஒரு மீட்டர் நிரப்பி, அதன்மேல் 350 மிமீ ராஃப்ட் போடலாம் என்கிறார் எங்கள் என்ஜினீயர். இது போதுமா? வீடு எவ்வளவு இறங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாகப் போடும் ராஃப்ட் என்ற முடிவு சரிதான். ஆனால் அதை ஒரு மீட்டர் நிரப்பிய மண்ணின் மேல் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த மாதிரி இடத்தில் வீட்டைப் பெரிய அளவில் இறக்குவது வீட்டின் எடையைவிட நிரப்பிய மண்ணின் எடைதான். கணக்குப் போட்டுக் காட்டினால் புரியும்.

முதலில் அந்த எஸ்.பி.சி., அதாவது மண் பாதுகாப்பாகத் தாங்கும் பாரம், 5 டன். சதுர மீட்டருக்கு 5 டன் என்றால் ஏறத்தாழ 50 கிலோபாஸ்கல். உங்கள் வீட்டின் எடையை ராஃப்டின் பரப்பால் வகுத்தால் சுமார் 35 கிலோபாஸ்கல் வரும். அதில் தூண், சுவர், இரண்டு தளங்கள் எல்லாம் சேர்ந்து 23, ராஃப்டின் சொந்த எடை 9, தரைத்தளத்தின் டைல்ஸ், ஆட்கள், சாமான் 3. அமிழ்வுக் கணக்கு என்பதால் ஆட்கள், சாமான் எடையில் எப்போதும் இருக்கக்கூடிய பங்கை மட்டும் எடுத்திருக்கிறேன். 35 என்பது 50-க்குள் இருப்பதால் பலரும் இத்துடன் கணக்கை மூடிவிடுகிறார்கள். எஸ்.பி.சி. என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மண் உடைந்து பிதுங்கிவிடுமா என்பது ஒன்று. உடையாமலேயே பல வருடங்களுக்கு மெல்ல மெல்ல இறங்குமா என்பது இன்னொன்று. லேசான கட்டடத்தில் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில்தான் வரும். தொல்லை இரண்டாவதில்.

இளகிய களிமண்ணில் தண்ணீர் நிறைய. உலர்ந்த மண்ணின் எடையில் 60 விழுக்காடு வரைகூட இருக்கும். மேலே பாரம் ஏறினால் அந்தத் தண்ணீர் மெதுவாக வெளியேறி, மண் அந்த அளவுக்குச் சுருங்கும். இதைத்தான் கன்சாலிடேஷன் என்கிறோம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான எண், அந்த மண் தன் வாழ்நாளில் ஏற்கெனவே எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறது என்பது. புத்தகங்களில் இதற்கு ப்ரீகன்சாலிடேஷன் அழுத்தம் என்று பெயர். நான் பழகிய அழுத்தம் என்று சொல்கிறேன். கோடையில் நிலத்தடி நீர் இறங்கி ஏறியதாலும், காலப்போக்கில் மண் இறுகியதாலும் இது இன்றைய அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். அந்த எல்லைக்குள் பாரம் ஏற்றினால் மண் கொஞ்சம்தான் சுருங்கும். எல்லையைத் தாண்டினால் அதே பாரத்துக்குப் பல மடங்கு சுருங்கும்.

உங்கள் அறிக்கையில், மண் மாதிரியை அழுத்திச் சுருக்கத்தை அளக்கும் ஓடோமீட்டர் சோதனை முடிவுகள் இல்லை. ஆகவே இந்த வகை மண்ணுக்குப் பொருந்தும் எண்களை எடுத்துக்கொள்கிறேன். 4.5 மீட்டர் தடிமனுள்ள இளகிய அடுக்கின் நடுவில், அதாவது தரையிலிருந்து 3.75 மீட்டர் ஆழத்தில், மண்ணின் இன்றைய அழுத்தம் 36 கிலோபாஸ்கல். பழகிய அழுத்தம் 54. இடையில் இருக்கும் 18 தான் உங்கள் கையிருப்பு. சுருங்கும் தன்மைக்கான எண்கள்: எல்லைக்குள் Cr/(1+e0) = 0.031, எல்லையைத் தாண்டினால் Cc/(1+e0) = 0.23. இரண்டுக்கும் நடுவே ஏழு மடங்கு வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் என்ஜினீயர் சொன்ன திட்டம். ஒரு மீட்டர் கிராவல் 18 கிலோபாஸ்கல். மனை முழுக்கப் பரவலாகக் கொட்டுவதால் இந்தப் பாரம் ஆழம் போகப் போகக் குறையாது, ஏறக்குறைய முழுதாகவே களிமண்ணுக்குப் போய்ச் சேரும். வீட்டின் 35 அப்படியில்லை. 10×12 மீட்டர் ராஃப்டிலிருந்து ஒவ்வொரு இரண்டு மீட்டர் ஆழத்துக்கும் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் விரிகிறது என்ற வழக்கமான கணக்குப்படி, அடுக்கின் நடுவில் அது 17 ஆகக் குறைந்துவிடும். ஆக, முழு வீடு களிமண்ணில் ஏற்றும் பாரமும் ஒரு மீட்டர் மண் ஏற்றும் பாரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டும் சேர்ந்து 35, மொத்த அழுத்தம் 71. கீழே S இறக்கம், H அடுக்கின் தடிமன், p0 இன்றைய அழுத்தம், p1 பழகிய அழுத்தம், p2 மொத்த அழுத்தம்.

```
S = H·[Cr/(1+e0)]·log10(p1/p0) + H·[Cc/(1+e0)]·log10(p2/p1)

S = 4.5 × 0.031 × log10(54/36) + 4.5 × 0.23 × log10(71/54)
  = 0.025 + 0.123 = 0.148 m
```

அடுக்கை மூன்றாகப் பிரித்துக் கணக்கிட்டால் 155 மிமீ வருகிறது. ஐ.எஸ். 1904-இன் 1986 பதிப்பு, இளகும் களிமண்ணில் ராஃப்ட் மேல் நிற்கும் கான்கிரீட் கட்டடத்துக்கு அனுமதிக்கும் மொத்த இறக்கம் 100 மிமீ. எஸ்.பி.சி.யில் தாராளமாகப் பாஸ் ஆன வீடு இதில் தோற்கிறது.

"முதலில் மண்ணைக் கொட்டி ஒரு மழைக்காலம் விட்டுவிடுங்கள், இறங்குவதெல்லாம் இறங்கிவிடும்" என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். பல இடங்களில் அது நல்ல யோசனைதான். மேலே உள்ள கணக்கில் இரண்டு பாதிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். கிராவலின் 18, கையிருப்பு 18-ஐ அப்படியே தின்றுவிடுகிறது. அதனால் வரும் இறக்கம் 25 மிமீ மட்டுமே. நீங்கள் காத்திருந்து தீர்த்துக்கொள்வது இந்த 25-ஐத்தான். அதன்பிறகு வீட்டின் ஒவ்வொரு கிலோபாஸ்கலும் எல்லைக்கு வெளியே போய் விழுகிறது. மீதி 120 மிமீ வீடு கட்டிய பிறகுதான் வரும். காத்திருந்து பயன் பெற வேண்டுமென்றால், வீட்டின் எடைக்குச் சமமாக இன்னும் இரண்டு மீட்டர் மண்ணைக் கூடுதலாகக் குவித்து, களிமண் ஒடுங்கும் வரை வைத்திருந்து, பிறகு அள்ளிப் போட வேண்டும். 40×60 மனையில், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும்போது, அது நடக்கிற காரியம் இல்லை. குவித்த மண் பக்கத்து வீட்டையும் சேர்த்து இறக்கும்.

நான் சொல்லும் மாற்று: மண்ணைக் கொட்டாதீர்கள், தோண்டுங்கள். இயற்கைத் தரையிலிருந்து 0.8 மீட்டர் தோண்டி ராஃப்டின் அடிமட்டத்தை அங்கே வையுங்கள். தரைமட்டத்தை உயர்த்த வேண்டிய இடத்தில் மண்ணுக்குப் பதில் வெற்றிடம் இருக்கட்டும். ராஃப்டின் மேல் ஆழமான பீம்கள், அவற்றின் மேல் குட்டைச் சுவர், அதன்மேல் ஒரு ஸ்லாப். வீட்டின் தரை அப்போதும் சாலையைவிட 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். 2015 டிசம்பரையும் 2023-இல் மிக்ஜாம் கொண்டுவந்த தண்ணீரையும் பார்த்த பிறகு பிளின்த்தைத் தாழ்த்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உயரத்தைக் காற்றாலும் வாங்கலாம்.

எடைக் கணக்கு இப்படிப் போகிறது. கூடுதல் ஸ்லாப், குட்டைச் சுவர் எல்லாம் சேர்ந்து 6 கூடி, வீட்டின் பாரம் 41 ஆகிறது. தோண்டி எடுத்த 0.8 மீட்டர் மண்ணின் எடை 14.4. அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்ததுதான், ஆகவே களிமண்ணுக்குப் புதிதாக வருவது 26.6 மட்டுமே. அடுக்கின் நடுவில் இது 16.5 ஆகக் குறையும். கையிருப்பு 18-க்குள் வந்துவிட்டோம்.

```
S = 4.5 × 0.031 × log10(52.5/36) = 0.023 m
```

மூன்று அடுக்காகப் பிரித்தால், மேல் அடுக்கு மட்டும் எல்லையைச் சற்றே தாண்டுவதால், 32 மிமீ வரும். ஆனால் விரிவுக் கணக்கு தருவது சராசரி. ராஃப்டின் நடுப்புள்ளிக்குக் கீழே அழுத்தம் இதைவிட அதிகம், 24 வரை போகும். அதை வைத்தால் வளைந்துகொடுக்கும் ராஃப்டின் நடுவில் 70 மிமீ வருகிறது. ராஃப்ட் விறைப்பாக இருந்தால் ஐ.எஸ். 8009 சொல்லும் 0.8 குணகத்தைப் போட்டு 60-க்குள் என்று எடுத்துக்கொள்ளலாம். இதோடு, கட்டும்போதே நடந்து முடியும் உடனடி இறக்கம் 20 மிமீ அளவுக்கு இருக்கும். அதையும் கூட்டினால்கூட 100-க்குள் நிற்கிறது. ஒப்பிட விரும்பினால், நிரப்பிய மண் திட்டத்தில் இதே நடுப்புள்ளிக் கணக்கு 200 மிமீ காட்டும்.

மண் உடையுமா என்ற முதல் கேள்வியையும் முடித்துவிடலாம். களிமண்ணின் வெட்டுவலிமை 15 கிலோபாஸ்கல் என்றால், தாங்குதிறனுக்கான ஸ்கெம்ப்டன் குணகம் இந்த அளவு ராஃப்டுக்கு 5.9. பெருக்கினால் 89 வருகிறது. ஏறும் நிகர பாரம் 26.6. பாதுகாப்புக் குணகம் 3.3, போதும். மேலே உள்ள கெட்டி அடுக்கின் உதவியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அடுத்து 350 மிமீ என்ற தட்டையான ராஃப்ட். ராஃப்ட் போட்டால் வீடு இறங்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. மொத்த இறக்கத்தை ராஃப்ட் பெரிதாகக் குறைப்பதில்லை. நடுவும் ஓரமும் வெவ்வேறாக இறங்காமல் சேர்த்துப் பிடிப்பதுதான் அதன் வேலை. மேலே நடுவில் 70 மிமீ வந்தது அல்லவா, வளைந்துகொடுக்கும் ராஃப்டில் மூலையில் 10 மிமீதான் வரும். நடுவுக்கும் மூலைக்கும் 8 மீட்டர்கூட இல்லை. அந்தத் தூரத்தில் 60 மிமீ வித்தியாசம் என்றால் சாய்வு ஏறக்குறைய 130-இல் ஒன்று. ஐ.எஸ். 1904 அனுமதிப்பது 500-இல் ஒன்று. ஆகவே வீடு தட்டுப்போலக் குழியாமல் இருக்க ராஃப்டின் விறைப்புதான் காப்பு.

விறைப்பு என்பது தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. இங்கே தட்டையான ஸ்லாப் வீண் செலவு. 200 மிமீ ஸ்லாப் போட்டு, இரண்டு திசையிலும் 4 மீட்டருக்கு ஒன்றாக 250 மிமீ அகலத்தில், மொத்த ஆழம் 1.3 மீட்டர் வருமாறு மேல்நோக்கிய பீம்கள் கொடுங்கள். பீம்களைச் சமமாகப் பரப்பினால் சராசரித் தடிமன் 340 மிமீதான் வரும், அதாவது கான்கிரீட் அளவு கிட்டத்தட்ட அதேதான். விறைப்போ சுமார் எட்டு மடங்கு. ஐ.எஸ். 2950 தரும் ஒப்பீட்டு விறைப்புக் குணகத்தில் 350 மிமீ ஸ்லாப் 0.05-க்கும் கீழே வரும், பீம் ராஃப்ட் 0.36 தாண்டும். 0.5-க்கு மேல் போனால் முழு விறைப்பு என்று அந்தத் தரநிலை எடுத்துக்கொள்கிறது. கான்கிரீட்டில் வெடிப்பு வந்தால் இரண்டு எண்களும் குறையும், ஆனால் ஒப்பீடு மாறாது. வெற்றிடம் வைக்கும் திட்டத்தில் இந்த ஆழமான பீம்களுக்கு இடம் தானாகவே கிடைக்கிறது என்பது இன்னொரு லாபம்.

விறைப்பாகப் பிடித்தால் அந்த விசை பீம்களில்தான் வளைவுத்திருப்பமாக வந்து சேரும். மென்பொருளில் தவறு நடப்பது இங்கேதான். ஸ்டாட் ப்ரோவிலோ சேஃபிலோ ராஃப்டுக்குக் கீழே மண்ணுக்குப் பதிலாக ஸ்பிரிங் கொடுக்கும்போது, ஏதோ ஒரு அட்டவணையிலிருந்து 10,000 கிலோநியூட்டன்/கன மீட்டர் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள். உங்கள் மண்ணுக்கு அது 41-ஐ 0.06 மீட்டரால் வகுத்து வரும் எண், அதாவது 700-க்குப் பக்கம். பதினாலு மடங்கு மிகை. இன்னொன்று: எல்லா ஸ்பிரிங்கும் ஒரே அளவு என்றால், சீரான பாரத்துக்கு ராஃப்ட் சீராக இறங்கி, வளைவே இல்லாதது போல மாதிரி காட்டும். உண்மையில் நடுப்பகுதிதான் அதிகம் இறங்க விரும்பும். அதனால் ஓரத்து ஸ்பிரிங்குகளை நடுவில் உள்ளவற்றைப்போல் இரண்டு மடங்காக வைத்து ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சீரான ஸ்பிரிங்கில் ஒன்று, இப்படி ஒன்று; இரண்டில் எது அதிகமோ அதற்குக் கம்பி கொடுக்க வேண்டும். பீம்களில் மேலும் கீழும் தொடர்ச்சியாகக் கம்பி ஓட வேண்டும். ஒரு பக்கம் குறைத்து மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

எவ்வளவு காலம் இறங்கும்? களிமண்ணின் கன்சாலிடேஷன் வேகம் வருடத்துக்கு 1.5 சதுர மீட்டர் என்று வைத்தால், தண்ணீர் கீழே மணலுக்கும் மேலே கெட்டி அடுக்கின் வெடிப்புகளுக்கும் போக முடியுமானால் 90 விழுக்காடு இறக்கம் மூன்று வருடத்தில் முடியும். ஒரு பக்கம் மட்டும் வழி இருந்தால் பதினோரு வருடம். ஆகவே குடியேறி இரண்டாவது வருடம் சுவரில் கோடு விழுந்தால் பூச்சு வேலை மோசம் என்று பெயிண்டரைத் திட்டிவிட்டு விட்டுவிடாதீர்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் போகும் வெடிப்பு, ஒரு முனையில் அகலமாகி மறுமுனையில் மறையும் வெடிப்பு, பிடிக்க ஆரம்பிக்கும் கதவு இவையெல்லாம் அடித்தளம் பேசுவது. மெல்லிய, எல்லாப் பக்கமும் பரவிய, வலை போன்ற கோடுகள்தான் பூச்சின் குறை.

கணக்கைக் கவிழ்க்கக்கூடிய சில விஷயங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கின்றன. வீட்டுக்குள் வெற்றிடம் வைத்துவிட்டு, கார் நிறுத்துவதற்காக முன்பக்க முற்றத்தை ஒரு மீட்டர் நிரப்பினால், அந்தப் பாரம் ராஃப்டின் முன் ஓரத்துக்குக் கீழே உள்ள களிமண்ணையும் அழுத்தும். வீடு முன்னால் சாயும். முற்றத்தைத் தாழ்வாகவே விட்டுச் சரிவுப் பாதை கொடுங்கள். பக்கத்து மனைக்காரர் நாளைக்கு நிரப்பினாலும் இதே சாய்வு வரும். அதை உங்களால் தடுக்க முடியாது, ஆனால் அந்தப் பக்கம் ராஃப்டை மனை எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைக்கலாம். நிலத்தடி நீர் வழக்கமான தாழ்ந்த மட்டத்துக்கும் கீழே ஒரு மீட்டர் இறங்கினால் களிமண்ணுக்கு ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடும். உங்கள் கையிருப்பில் மீதி இருப்பது ஒன்றரைதான் என்பதை நினைவில் வையுங்கள். சுவர்களுக்குச் செங்கல்லுக்குப் பதில் ஏ.ஏ.சி. பிளாக் போடச் சொல்வது இதனால்தான். அதன் அடர்த்தி செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

களிமண்ணின் தடிமன் மனை முழுக்க ஒன்றுதானா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஆய்வுத் துளை போட்டு எழுதிய அறிக்கை என்றால் இன்னொன்று எதிர் மூலையில் போடச் சொல்லுங்கள். ஒரு மூலையில் 3 மீட்டர், எதிர் மூலையில் 6 மீட்டர் என்றால் ராஃப்ட் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் வீடு முழுதாக ஒரு பக்கம் சாயும். அப்படி இருந்தாலோ, களிமண் 10 மீட்டருக்கு மேல் போனாலோ, மணல் வரை இறங்கும் பைல் பற்றி யோசிக்கலாம். அதிலும் மனையை நிரப்பினால் இறங்கும் களிமண் பைலைத் தன்னோடு கீழே இழுக்கும். வீடு அப்படியே நிற்க, முற்றம் மட்டும் இறங்கி, வாசலில் புதிதாக ஒரு படி முளைக்கும், கழிவுநீர்க் குழாய் இணைப்பில் உடையும்.

அறிக்கையில், சுத்தியலால் அடித்து எண்ணும் எஸ்.பி.டி. எண்ணை வைத்து மட்டும் களிமண்ணின் வலிமையைச் சொல்லியிருந்தால் அதை நம்ப வேண்டாம். 2, 3 என்று வரும் எண்ணிலிருந்து 15 கிலோபாஸ்கலுக்கும் 25-க்கும் வித்தியாசம் காண முடியாது. வெட்டுவலிமையை நேரடியாக அளக்கும் வேன் ஷியர் சோதனையும், மெல்லிய குழாயில் கலையாமல் எடுத்த மாதிரியில் ஓடோமீட்டர் சோதனையும் கேளுங்கள். முடிவில் பழகிய அழுத்தம் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மாதிரி கலைந்துபோனால் வளைகோட்டில் முறிவு தெரியாமல் வழுவழுப்பாக இருக்கும், அந்த எண் தாழ்வாகவும் வரும். அது 54 இல்லாமல் 45 என்று வந்தால் நான் மேலே போட்ட இரண்டாவது கணக்கும் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது தோண்டும் ஆழத்தைக் கூட்டி இன்னும் எடையைக் கழிக்க வேண்டியிருக்கும்.

வேலை நேரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தோண்டுவதை மார்ச்சிலிருந்து ஜூனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 150 மிமீயை ஜே.சி.பி. தொடாமல் ஆட்களை வைத்து எடுத்து, அன்றைக்கே 100 மிமீ பி.சி.சி. போட்டு மூடிவிடுங்கள். உங்களுக்குக் கீழே மீதி இருக்கும் கெட்டி அடுக்கு 0.7 மீட்டர்தான், ஒரு நாள் தண்ணீர் தேங்கி நாலு பேர் மிதித்தால் அதன் மேற்பகுதி சேறாகிவிடும். வெற்றிடத்தின் சுவர்களில் வலை போட்ட துவாரங்கள் விடுங்கள். வெள்ளம் வந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வரட்டும், எலி மட்டும் வராமல் இருந்தால் போதும். அடைத்தே வைத்தாலும் வீடு மிதக்காது, ராஃப்ட் அடியிலிருந்து 1.8 மீட்டர் தண்ணீர் நின்றால் மேல்தூக்கம் 18, வீட்டின் எடை 41.

ராஃப்ட் போட்டதும் நாலு மூலைக்கும் நடுத்தூணுக்கும் ஒவ்வொரு எஃகு ஆணி பதித்து, சாலைக்கு அப்பால் பழைய, அசையாத ஒரு கட்டடத்தை ஆதாரமாக வைத்து மட்டம் எடுத்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு தளம் முடிந்ததும் ஒரு தடவை, குடியேறிய பின் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. மூலைகளுக்கு இடையே வித்தியாசம் 10 மீட்டருக்கு 20 மிமீயை நெருங்கினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் என்ஜினீயரிடம் போங்கள்.